பத்திரம் பதிவாகிவிட்டது, நிலம் என்னுடையதுதானே? கடலூரில் மனை வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிரையப் பத்திரம் பதிவாகிவிட்டது. இனி அரசாங்கமே என்னை உரிமையாளர் என்று ஒப்புக்கொண்ட மாதிரிதானே?

இல்லை. சார்பதிவாளர் பதிவு செய்தது உங்கள் பத்திரத்தை மட்டும்தான். இன்னார் இன்னாருக்கு இந்தத் தேதியில், இந்தத் தொகைக்கு எழுதிக்கொடுத்தார், கையெழுத்துப் போட்டவர் நேரில் வந்து ஒப்புக்கொண்டார், இரண்டு சாட்சிகள் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பதிவு நல்ல ஆதாரம். எழுதிக்கொடுத்தவருக்கு அந்த நிலத்தில் உரிமை இருந்ததா என்ற கேள்விக்குள் அது போவதே இல்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

இதை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே தெளிவாகச் சொன்னது. விற்பவர் தன் பழைய மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு செய்யலாம் என்ற 55ஏ விதியை அந்தத் தீர்ப்பு ரத்து செய்தது. எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று பார்ப்பது பதிவு அலுவலரின் வேலை அல்ல என்பதே காரணம். அதன்பின் அந்த நிபந்தனையைச் சட்டத்திலேயே சேர்ப்பதற்கான மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆனால் மூலப்பத்திரத்தை வாங்கிப் பார்ப்பது வேறு, உரிமைக்கு உத்தரவாதம் கொடுப்பது வேறு. முதலாவதைச் செய்தாலும் இரண்டாவது வந்துவிடாது.

அப்படியென்றால் முத்திரைத்தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதம் எதற்குக் கட்டுகிறோம்?

முத்திரைத்தீர்வை ஒரு வரி. பதிவுக் கட்டணம், பத்திரத்தைப் பதிந்து, நகல் வைத்து, அட்டவணையில் ஏற்றி, பிற்பாடு யார் கேட்டாலும் எடுத்துக்கொடுப்பதற்கான கூலி. 30 லட்சத்துக்கு வாங்கினால் இரண்டும் சேர்ந்து 2,70,000 ரூபாய். இதில் ஒரு ரூபாய்கூட உங்கள் உரிமைக்கான காப்பீடு அல்ல. நாளைக்கு நிலம் கைவிட்டுப் போனால் இந்தப் பணத்திலிருந்து இழப்பீடு கேட்க வழியில்லை.

அதற்காகப் பதிவு வீண் என்று நினைத்துவிடாதீர்கள். பதிவு செய்யாத கிரையத்தால் உங்களுக்கு உரிமை மாறவே மாறாது. பதிவு செய்திருந்தால், உங்களுக்குப் பின்னால் அதே ஆளிடம் அதே நிலத்தை வாங்குபவர் “எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதாவது பின்னால் வருபவரிடமிருந்து பதிவு உங்களைக் காப்பாற்றும். முன்னாலேயே உரிமை உள்ளவரிடமிருந்து காப்பாற்றாது. இந்த ஊரில் நில வழக்குகள் பெரும்பாலும் அந்த இரண்டாவது வகைதான்.

ஈசி போட்டுப் பார்த்தோம், வில்லங்கம் எதுவும் இல்லை. அப்புறம் என்ன பயம்?

நெல்லிக்குப்பம் போகும் சாலையோரம் ஒரு நிலம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். ஆட்கள் கற்பனை, நடப்பு கற்பனையில்லை.

ஒருவர் 1978இல் 60 சென்ட் வாங்குகிறார். சொந்தச் சம்பாத்தியம். 1996இல் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். மனைவி, இரண்டு மகன், வெளியூரில் கட்டிக்கொடுத்த ஒரு மகள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. 2004இல் அந்த அம்மாவும் உயில் இல்லாமல் இறக்கிறார். அவருடைய கால் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகிறது. ஆக இப்போது ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒரு பங்கு, 20 சென்ட்.

2009இல் அண்ணன் தம்பி இருவர் மட்டும் போய், “எங்கள் தகப்பனார் காலமாகிவிட்டார், நாங்கள் இருவருமே வாரிசு” என்று எழுதி, ஆளுக்கு 30 சென்ட்டாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிகிறார்கள். பட்டாவும் இரண்டாகப் பிரிந்து அவரவர் பேருக்கு வந்துவிடுகிறது. 2024இல் அண்ணன் தன் 30 சென்டை, சென்ட் ஒரு லட்சம் வீதம் 30 லட்சத்துக்கு உங்களுக்குக் கிரையம் கொடுக்கிறார்.

நீங்கள் 1975 முதல் ஈசி போட்டிருந்தால் அதில் என்ன வரும்? 1978 கிரையம், 2009 பாகப்பிரிவினை. அடமானம் இல்லை, ஒப்பந்தம் இல்லை. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். 1996லும் 2004லும் நடந்த இரண்டு சாவுகள் அதில் வராது. ஏனென்றால் ஒருவர் இறந்தால் வாரிசுக்குச் சொத்து இறங்க எந்தப் பத்திரமும் தேவையில்லை, அது சட்டத்தின் மூலம் தானாக நடந்துவிடுகிறது. பத்திரம் இல்லாததால் பதிவு இல்லை, பதிவு இல்லாததால் ஈசியிலும் இல்லை. பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகம், நீதிமன்றத்தில் கிடக்கும் வழக்கு எல்லாம் இதே போலத்தான். வில்லங்கச் சான்று பொய் சொல்வதில்லை. பதிவான பத்திரங்களின் பட்டியல் அது, அவ்வளவுதான்.

அந்த மகள் இத்தனை வருஷம் கழித்து வந்தால் எனக்கு என்ன ஆகும்?

அவர் கடலூர் நீதிமன்றத்தில் பாகவழக்குப் போடுகிறார். பன்னிரண்டு வருஷம் அனுபவித்துவிட்டால் அவர் உரிமை போய்விடும் என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். கூட்டுப் பங்காளி விஷயத்தில் அது எளிதில் எடுபடாது. ஒரு பங்காளியின் அனுபவம் எல்லாப் பங்காளிகளுக்காகவும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். “உனக்கு இதில் பங்கு இல்லை” என்று அவருக்குத் தெரியும்படி வெளிப்படையாக மறுத்து வெளியே தள்ளியதை நிரூபித்தால்தான் அந்தப் பன்னிரண்டு வருஷம் ஓடவே ஆரம்பிக்கும். தங்கை பொங்கலுக்குப் பொங்கல் சீர் வாங்கிக்கொண்டு சுமுகமாக இருந்திருந்தால் அதை நிரூபிப்பது கஷ்டம்.

2009 பாகப்பிரிவினையில் அவர் கையெழுத்து இல்லை, அதனால் அது அவரைக் கட்டுப்படுத்தாது. அண்ணனுக்கு உண்மையில் இருந்தது 20 சென்ட். தன்னிடம் இல்லாததை யாரும் விற்க முடியாது. முதல்நிலைத் தீர்ப்பில் மகளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வரும். இறுதித் தீர்ப்புக்காக இடத்தைப் பிரிக்கும்போது, அண்ணனுக்குச் சேரவேண்டிய 20 சென்ட்டை நீங்கள் வாங்கிய பகுதியிலேயே ஒதுக்கும்படி கேட்கலாம். நியாயம் கருதி நீதிமன்றம் பெரும்பாலும் இதற்கு முயலும், ஆனால் அதை உரிமையாகக் கோர முடியாது.

நல்லபடியாக முடிந்தால்கூட உங்கள் கையில் 30க்குப் பதில் 20 சென்ட். பத்து லட்சம் ரூபாய் மதிப்பு போயிற்று, அதற்குக் கட்டிய தீர்வையும் போயிற்று, வழக்குச் செலவு தனி. விற்றவர் மேல் நஷ்டம் கேட்கலாம். தனக்கு உரிமை இருக்கிறது என்ற உறுதிமொழி ஒவ்வொரு விற்பனையிலும் அடங்கியிருப்பதாகச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு கொள்கிறது. அவரிடம் வசூலிக்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதே அங்கு கேள்வி.

பட்டா என் பெயருக்கு மாறிவிட்டதே, அதுவும் உதவாதா?

பட்டா வருவாய்த் துறையின் ஆவணம். நிலத்துக்கு வரி கட்டவேண்டியவர் யார், அனுபவத்தில் இருப்பவர் யார் என்பதற்கு அது ஓர் அடையாளம். அதை உரிமை ஆவணமாக ஏற்க முடியாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. மேலே சொன்ன அண்ணன் தம்பி இருவருக்கும் பட்டா இருந்தது, அதனால் தங்கையின் பங்கு அழிந்துவிடவில்லை. நம் பக்கம் 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் பதிவில் பேர் மாறிப்போன பட்டாக்கள் இன்னும் வருவாய்க் கோட்டங்களில் மேல்முறையீட்டில் அலைவதைப் பார்த்திருப்பீர்கள்.

மலேசியாவில் இருக்கும் எங்கள் சித்தப்பா, அங்கே நில உரிமை ஆவணமான கிராண்ட் கையில் இருந்தால் யாரும் அசைக்க முடியாது என்கிறார். அது எப்படி?

அங்கே இருப்பது வேறு முறை. பதிவேட்டில் ஏறுவது உரிமையே. 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த சட்டத்திலிருந்து பரவியது. ஒவ்வொரு நிலத்துக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் இருக்கும். உரிமையாளர் யார், அடமானம் என்ன, குத்தகை என்ன என்பதெல்லாம் அந்த ஒரே பக்கத்தில். அந்தப் பக்கத்தில் பெயர் ஏறும் கணத்தில்தான் உரிமை மாறுகிறது. கையெழுத்திட்ட தாள் அதற்கான விண்ணப்பம் மாதிரிதான். வாங்குபவர் அதற்குப் பின்னால் 1978க்கும் 1950க்கும் போய்த் தோண்ட வேண்டியதில்லை. பதிவேடு தவறாக இருந்து அதனால் ஒருவர் நஷ்டப்பட்டால் அரசு ஒரு நிதியிலிருந்து ஈடு கொடுக்கும்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் உத்தரவாதத்தின் உயிர். அது எல்லா நாட்டிலும் இல்லை. சிங்கப்பூரில் உண்டு, இங்கிலாந்தில் உண்டு. உங்கள் சித்தப்பா இருக்கும் மலேசியத் தீபகற்பத்தில், 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தில் அப்படி ஒரு நிதி இல்லை.

அதே 60 சென்ட் அந்த மாதிரி உத்தரவாத முறையில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

முதலில் பதிவேட்டை உருவாக்க வேண்டும். அளந்து, ஊரில் விளம்பரம் செய்து, வரைவு வெளியிட்டு, ஆட்சேபணைக்குக் காலம் கொடுப்பார்கள். அந்தக் காலத்துக்குள் தங்கை மனுக் கொடுத்திருந்தால் மூவர் பெயரும் ஏறியிருக்கும். நீங்கள் 2024இல் அந்தப் பக்கத்தைப் பார்த்த உடனே அவர் இருப்பது தெரிந்திருக்கும். வழக்கே வந்திருக்காது.

தங்கைக்குச் சேதியே போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி பெயர் மட்டும் ஏறி, காலக்கெடு முடிந்து, பதிவு இறுதியாகிவிடுகிறது. நிலம் அவர்கள் கையில் இருக்கும்வரை, மோசடி செய்தார்கள் என்று நிரூபித்துப் பதிவைத் திருத்தத் தங்கைக்கு வழி உண்டு. ஆனால் விலை கொடுத்து, சூதுவாது இல்லாமல் நீங்கள் வாங்கி உங்கள் பெயர் ஏறிவிட்டால் கதை மாறிவிடுகிறது. 30 சென்ட்டும் உங்களுக்கு நிற்கும். தங்கைக்கு அந்த மண் திரும்பக் கிடைக்காது, அண்ணன்மார் மேலும் நிதியின் மேலும் பணம்தான் கேட்கலாம்.

இங்கேதான் நான் எல்லாரையும் நிறுத்தி யோசிக்கச் சொல்வேன். இரண்டு முறையிலும் தப்பு நடந்தது, இரண்டிலும் ஒருவர் இழக்கிறார். பத்திரப்பதிவில் இழப்பவர் வாங்கியவர். உத்தரவாதப் பதிவில் இழப்பவர் உண்மையான உரிமையாளர், அவருக்கு அரசு பணமாக ஈடு செய்ய வேண்டும். வாங்குபவருக்கு இரண்டாவது முறை எவ்வளவோ மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீங்களே ஒருநாள் அந்தத் தங்கையின் இடத்தில் நிற்கலாம். அப்போது உங்களைக் காப்பது இரண்டே விஷயம்: முதல் பதிவின்போது உங்களுக்கு ஒழுங்காக நோட்டீஸ் வந்ததா, ஈடு கொடுக்க நிதி உண்மையில் இருக்கிறதா.

கள்ளக் கையெழுத்துப் போட்டு மாற்றினாலும் உத்தரவாத முறையில் வாங்கியவருக்கே நிலமா?

இதற்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பதில் சொல்கிறது. மலேசியாவே இரண்டு பதிலும் சொல்லிப் பார்த்திருக்கிறது. பினாங்கில் தாய்லாந்துப் பெண்மணி ஒருவருக்குச் சொந்தமான நிலத்தை, தானே அவர் என்று ஆள்மாறாட்டம் செய்த ஒருவர் ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். நிறுவனம் நல்லெண்ணத்தோடு வாங்கியது, அதனால் நிலம் அதற்கே என்று 2000ஆம் ஆண்டு டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பெண்மணிக்கு நிலமும் போனது. ஈட்டு நிதி இல்லாத நாடு என்பதால் அரசிடம் கேட்கவும் வழியில்லை.

பத்தாண்டு கழித்து, 2010 ஜனவரியில், அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் அந்தத் தீர்ப்பு தவறு என்று சொன்னது. கள்ளப் பத்திரத்தின் மூலம் நேரடியாக வாங்கியவருக்குப் பாதுகாப்பு இல்லை, அவரிடமிருந்து நல்லெண்ணத்தோடு வாங்கும் அடுத்தவருக்குத்தான் பாதுகாப்பு என்பதே இப்போது அங்கு சட்டம். ஆகவே அங்கேயும் முதல் கையாக வாங்குபவர் எதிரே இருப்பவர் உண்மையான ஆள்தானா என்று பார்த்தே ஆகவேண்டும். “அசைக்க முடியாது” என்ற சித்தப்பாவின் பேச்சில் அந்த அளவுக்குக் கழித்துக்கொள்ளுங்கள்.

எல்லைத் தகராறும் பல நாடுகளில் உத்தரவாதத்துக்கு வெளியேதான். இங்கிலாந்துப் பதிவேட்டின் வரைபடம் சாதாரணமாகப் பொதுவான எல்லையைத்தான் காட்டும், அங்குலக் கணக்கு அதில் வராது.

நம் நாட்டில் இது எப்போது வரும்?

பேச்சு பழசு. டி.சி. வாத்வா குழு 1989லேயே உரிமை உத்தரவாத முறையைப் பரிந்துரைத்தது. மத்திய அரசு சில வரைவு மசோதாக்களை வெளியிட்டது, நிதி ஆயோக் 2020இல் மாதிரிச் சட்டம் ஒன்றைத் தந்தது. நகர்ப்புற நிலத்துக்கு ராஜஸ்தான் 2016இல் ஒரு சான்றளிப்புச் சட்டம் இயற்றியது. ஆந்திரத்தில் சட்டம் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்து, 2024 தேர்தலில் பெரிய பிரச்சினையாகி, ஆட்சி மாறியதும் ரத்தானது. சிவில் நீதிமன்றத்தின் கையிலிருந்து உரிமைத் தீர்ப்பை எடுத்து அதிகாரிகள் கையில் கொடுக்கிறார்கள் என்பதுதான் அங்கே வக்கீல்களின் முக்கிய எதிர்ப்பு. தங்கைக்கு நோட்டீஸ் போகுமா என்ற நம் கேள்வியை நினைத்துப் பார்த்தால் அந்தப் பயத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. தமிழ்நாட்டில் இப்போது இருப்பது பத்திரப்பதிவு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டே பாதுகாப்பாக வாங்கப் பழக வேண்டும்.

சரி, முன்பணம் கொடுக்கும் முன் நான் என்னதான் பார்க்க வேண்டும்?

அரசு செய்யாத உரிமை விசாரணையை நீங்களே செய்ய வேண்டும். அதில் ஒரே ஒரு பழக்கம் சொல்லுங்கள் என்றால் இதைச் சொல்வேன்: பத்திரங்களை வரிசையாக வைத்து, ஒரு பத்திரத்தில் வாங்கியவரும் அடுத்த பத்திரத்தில் கொடுப்பவரும் ஒரே ஆள்தானா என்று பாருங்கள். எங்கே பெயர் மாறுகிறதோ அங்கே பெரும்பாலும் ஒரு சாவு இருக்கிறது. நம் உதாரணத்தில் 1978இல் வாங்கியவர் தகப்பனார், 2009இல் எழுதிக்கொள்பவர்கள் மகன்கள். அந்த இடைவெளியில் விரலை வைத்து, இறப்புச் சான்று எங்கே, தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று எங்கே, அம்மா இருக்கிறாரா, பெண் பிள்ளைகள் எத்தனை என்று கேளுங்கள். “பொண்ணுங்களுக்கு எல்லாம் அப்போதே நகை போட்டுச் செய்துவிட்டோம்” என்று பதில் வந்தால் அங்கே பங்கு பாக்கி நிற்கிறது என்று அர்த்தம். நகை வாங்கியதால் நிலத்தில் பங்கு போகாது. அந்தப் பெண் விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுக்கட்டும், அல்லது உங்கள் கிரையத்திலேயே அவரும் சேர்ந்து எழுதிக்கொடுக்கட்டும்.

வாரிசுச் சான்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம், பேர் விட்டு வாங்கியவை உண்டு. பழைய குடும்ப அட்டை நகலைக் கேளுங்கள். அக்கம்பக்கத்தில் ஒரு டீ குடித்துக்கொண்டே அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று விசாரியுங்கள். இடத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று நேரில் பாருங்கள். அங்கே இருப்பவரின் உரிமை உங்களுக்குத் தெரிந்ததாகவே சட்டம் கருதும்.

ஈசியை tnreginet.gov.in தளத்தில் 1975 முதல் போட்டுக்கொள்ளலாம். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுக் கொடுங்கள். விற்பவர், அவர் உடன்பிறந்தவர்கள் பெயரில் வழக்கு உண்டா என்று services.ecourts.gov.in தளத்தில் தேடுங்கள். வழக்கு நடக்கும்போது வாங்கினால், நீங்கள் அதில் கட்சி இல்லாவிட்டாலும் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்தும்.

என் மனை பாகூர் பக்கம், கடலூரிலிருந்து கூப்பிடு தூரம்தான். இதெல்லாம் பொருந்துமா?

அடிப்படை அதே பதிவுச் சட்டம்தான், அங்கேயும் பதிவாவது பத்திரமே. ஆனால் பாகூர் புதுச்சேரி ஆட்சிப்பகுதி. தமிழ்நாட்டுத் தளத்தில் ஈசி போட்டுவிட்டு “எதுவும் வரவில்லை” என்று நிம்மதி அடையாதீர்கள், அங்குள்ள சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் எடுக்க வேண்டும். மூலப்பத்திரம் பிரெஞ்சுக்காரர் காலத்துடையதாக இருந்தால் பிரெஞ்சு தெரிந்த ஒருவரைக்கொண்டு முழுக்கப் படித்துக் கேளுங்கள். தலைப்பும் தொகையும் மட்டும் கேட்டால் போதாது, யார் யாருக்கு எந்த நிபந்தனையோடு எழுதினார்கள் என்பது உள்ளேதான் இருக்கும்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின்கீழ் பதிவு பெற்ற மனைப்பிரிவில் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையாமே?

தொல்லை இல்லாமல் போகாது, ஆனால் ஒரு நல்ல பிடி கிடைக்கும். உரிமைக் குறையால் உங்களுக்கு நஷ்டம் வந்தால் திட்டத்தை நடத்தியவர் ஈடு கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கோரிக்கைக்குக் காலவரம்பு கிடையாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. தனி ஆளிடம் வாங்கும்போது இப்படி ஒன்று உங்களுக்கு இல்லை. இது அரசின் உத்தரவாதம் அல்ல, மனை போட்டவரின் பொறுப்பு. அவர் நிறுவனத்தைக் கலைத்துவிட்டால் தீர்ப்பு மட்டும் கையில் இருக்கும். ஆகவே அந்த மனைப்பிரிவின் தாய்ப் பத்திரத்திலும், அதே இடைவெளியில் விரலை வைத்து அதே கேள்விகளைக் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.